ஒரே மதிப்பெண், இரண்டு பிழைகள்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். 3/4, 5/9 ஆகிய இரண்டில் எது பெரியது? 3/5, 5/8 ஆகிய இரண்டில் எது பெரியது? முதல் கேள்விக்கு 3/4 என்பதும், இரண்டாவதற்கு 5/8 என்பதும் சரியான விடைகள். 24/40, 25/40 என்று மாற்றி எழுதினால் இரண்டாவதில் மயிரிழை வேறுபாடுதான் இருப்பது தெரியும்.

இப்போது இரண்டு பிள்ளைகளின் தாள்களைப் பார்க்கலாம். ஒரு பிள்ளை, மேலும் கீழும் பெரிய எண் இருந்தால் பின்னமும் பெரியது என்று நினைக்கிறது. மூன்றைவிட ஐந்து பெரிது, நான்கைவிட ஒன்பது பெரிது, ஆகவே 5/9 பெரியது என்று எழுதுகிறது. அது தவறு. அதே நினைப்பில் அடுத்த கேள்விக்கு 5/8 என்று எழுதுகிறது. அது சரியாகிவிடுகிறது. இன்னொரு பிள்ளை மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள எண்ணுக்கும் இடையே எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. 3/4 முழுமைக்கு ஒன்றுதான் குறைவு, 5/9 நான்கு குறைவு, ஆகவே 3/4 பெரியது. விடை சரி. 3/5 இரண்டு குறைவு, 5/8 மூன்று குறைவு, ஆகவே 3/5 பெரியது. விடை தவறு.

இரண்டு பேருக்கும் இரண்டுக்கு ஒன்று மதிப்பெண். பதிவேட்டில் இருவரும் ஒன்று. ஆனால் முதல் பிள்ளைக்கு, பின்னம் என்பது இரண்டு தனித்தனி எண்கள் அல்ல, ஒரே அளவு என்பதே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு முழுமை என்ற எண்ணம் வந்துவிட்டது. குறைகிற துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறதே தவிர, அந்தத் துண்டின் அளவைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருவருக்கும் நாளைய பாடம் ஒன்றாக இருக்க முடியாது.

வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று நம் ஆசிரியர்கள் நாள்தோறும் சொல்லும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் ஒன்று என்று எழுதி மூடிவிட்டால் அது தொகுத்தறி. இரண்டு தாள்களையும் தனித்தனியே வைத்து, நாளை இவரை எப்படித் தொடுவது, அவரை எப்படித் தொடுவது என்று யோசித்தால் அது வளரறி. கேள்விகள் அவையே, தாளும் அதுவே. தேர்வு சிறியதா பெரியதா, எழுத்தா செயல்பாடா என்பதில் வேறுபாடு இல்லை. விடை கைக்கு வந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவினையை முதலில் சொன்னவர் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற மெய்யியலாளர், 1967-இல். அவர் பேசியது மாணவரைப் பற்றியல்ல, பாடத்திட்டத்தைப் பற்றி. ஒரு பாடத்திட்டம் உருவாகும்போதே திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு ஒன்று, உருவான பிறகு அது தேறுமா என்று தீர்ப்புச் சொல்வதற்கான மதிப்பீடு இன்னொன்று என்றார். அதை வகுப்பறைக்கும் மாணவர் கற்றலுக்கும் கொண்டுவந்தவர் பெஞ்சமின் புளூம். திருத்துவதற்காக ஒன்று, தீர்ப்புக்காக ஒன்று என்ற அந்த அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது இவ்விரண்டும் எண்களாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பருவத்துக்கும் வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. அந்த 40-லும் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. கூட்டினால் நூறு. நோக்கம் நல்லது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றின் சுமையைப் பிள்ளைகளின் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் திருத்துவதற்காக இருந்த ஒன்றுக்கு மதிப்பெண் ஒட்டிய உடனே, அதுவும் தீர்ப்பாக மாறிவிடுகிறது. வாரக் கடைசியில் சிறு தேர்வு, இருபதுக்குப் பதினாறு, பதிவேட்டில் ஏற்றியாயிற்று, திங்கட்கிழமை அடுத்த பாடம். பெயர் வளரறி, வேலை தொகுத்தறியின் வேலை. செயல்பாட்டுக்கு உரிய மதிப்பெண்ணோ பல வீடுகளில் பெற்றோர் ஒட்டிக் கொடுக்கும் சார்ட் அட்டைக்குப் போய்ச் சேர்கிறது.

மதிப்பெண் ஒட்டுவதால் என்ன ஆகிறது என்பதை இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்து, 1988-இல் வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவினருக்கு எழுத்தில் கருத்து மட்டும், மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களே அடுத்த முயற்சியில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்துவிட்டார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநொடி, பிள்ளைகள் பக்கத்து இருக்கைத் தாளை எட்டிப் பார்ப்பதை எந்த வகுப்பிலும் காணலாம். ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய இரண்டு வரியை அப்போது யார் படிக்கிறார்கள்?

ஆகவே ஒரு பருவத்தைத் திட்டமிடும் ஆசிரியர் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்: மதிப்பெண் கேட்கும் முறைக்குள் இருந்துகொண்டே, மதிப்பெண் இல்லாத ஓர் இடத்தை எங்கே ஒதுக்குவது? ஆறாம் வகுப்புக் கணக்கின் மூன்றாம் பருவத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பின்னங்கள்தான் அதில் முதல் பாடம், கடினமான பாடமும் அதுவே.

தொடங்க வேண்டியது கடைசியிலிருந்து. பொங்கல் விடுமுறைக்கு முன்பே பருவத் தேர்வுக்கான 60 மதிப்பெண் வினாத்தாளை ஆசிரியர் எழுதிவிட வேண்டும். வினாத்தாள் வெளியிலிருந்து வரும் பள்ளியானாலும், தமக்கென ஒரு மாதிரித் தாளை எழுதிக்கொள்ள வேண்டும். பருவம் முழுவதற்கும் 55 பாடவேளை கிடைக்கிறது, அதில் 16 பின்னங்களுக்கு என்று கணக்கிட்டால், தாளில் ஏறத்தாழ 17 மதிப்பெண் பின்னங்களுக்கு வர வேண்டும். அந்த 17-இல் எவ்வளவு நேரடிக் கணக்கு, எவ்வளவு வாழ்க்கைக் கணக்கு, எவ்வளவு மதிப்பிட்டுச் சொல்வது என்று முடிவெடுக்கும்போதுதான், பிள்ளைகள் எதைச் செய்யத் தெரிந்தவர்களாக ஏப்ரலில் வெளியே போக வேண்டும் என்பது ஆசிரியருக்கே தெளிவாகிறது.

மதிப்பிட்டுச் சொல்லும் கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 12/13 + 7/8 என்பதன் விடை கீழ்க்கண்டவற்றில் எதற்கு அருகில் இருக்கும் என்று 1978-இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 விழுக்காட்டினர்தான். பாதிப் பேருக்கு மேல் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. மீ.சி.ம கண்டுபிடித்துக் கூட்டும் முறையைப் பல ஆண்டுகள் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். முறை கையில் இருந்தது, அளவு கண்ணில் படவில்லை. நம் வினாத்தாளிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தாக வேண்டும். நேரடிக் கணக்குகள் மட்டுமே கேட்டால், புரியாமல் மனப்பாடமாகச் செய்த பிள்ளையும் புரிந்து செய்த பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணோடு வெளியே போவார்கள்.

தாளை எழுதி முடித்த பிறகு பாடத்தைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழுந்தால் அதற்கு மேல் எதுவும் ஏறாது? பின்னங்களில் அப்படி இரண்டு இடங்கள். ஒன்று, சமான பின்னங்களும் ஒப்பிடுதலும். இரண்டு, வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல். இவை நின்றால்தான் கலப்புப் பின்னங்களின் கூட்டலும் கழித்தலும் நிற்கும். ஆகவே நான்காம் பாடவேளையின் முடிவில் ஒரு சோதனை, எட்டாம் பாடவேளையின் முடிவில் ஒரு சோதனை. ஐந்தாவதும் ஒன்பதாவதும் காலி. பாடத்திட்டக் குறிப்பேட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் எதுவும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். இந்தக் காலியிடங்கள்தான் வளரறி மதிப்பீட்டின் உயிர். பலரும் சோதனையைத் திட்டமிடுகிறார்கள், அதற்கு மறுநாளைத் திட்டமிடுவதில்லை. மறுநாள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், சோதனையில் என்ன தெரியவந்தாலும் செய்வதற்கு இடம் கிடையாது.

நான்காம் பாடவேளைச் சோதனைக்கு நாம் முதலில் பார்த்த இரண்டு ஒப்பீட்டுக் கேள்விகளே போதும். கூடவே, “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். கீழே உள்ள எண் பெரியதானால் பின்னம் சிறியது என்று மட்டும் மனப்பாடம் செய்த மூன்றாவது வகைப் பிள்ளையும் 3/4, 3/5 என்றுதான் எழுதும். இரண்டாவது பிள்ளையிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரிதான்.

எட்டாம் பாடவேளைச் சோதனையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கரும்பலகையில் ஒரே கணக்கு: 1/2 + 1/3. கீழே நான்கு விடைகள்: 2/5, 2/6, 1/6, 5/6. துண்டுத் தாளில் பெயரும் விடையும் செய்முறையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் போகலாம். இது தேர்வு அல்ல, மதிப்பெண் கிடையாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்த்து எழுதுவார்கள், அப்போது தாளில் இருப்பது பக்கத்து இருக்கைப் பிள்ளையின் எண்ணம்.

தவறான விடைகளைக் கண்டபடி கொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழை வழியாகவே கிடைக்கும். 2/5 என்பது மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிய விடை. 2/6 எழுதிய பிள்ளை பொதுவான பகுதி வேண்டும் என்பதை அறிந்திருக்கிறது, ஆறு என்றும் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் தொகுதிகளை மாற்றவில்லை. 1/6 எழுதிய பிள்ளை பெரும்பாலும் பெருக்கியிருக்கும், அல்லது குறியைக் கவனித்திருக்காது.

36 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் திருத்த உட்கார வேண்டாம். தாள்களை விடைவாரியாக நான்கு அடுக்காகப் பிரித்தால் போதும், பத்து நிமிட வேலை. 5/6 எழுதியவர்கள் 15 பேர், 2/5 எழுதியவர்கள் 11, 2/6 எழுதியவர்கள் 7, 1/6 எழுதியவர்கள் 3 என்று வருகிறது. ஒன்பதாம் பாடவேளையில் என்ன செய்வது என்பதை இந்த அடுக்குகளே சொல்லிவிடுகின்றன.

11 பேருக்கு மீ.சி.ம முறையை மறுபடி கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பயன் இல்லை. அதைத்தான் எட்டுப் பாடவேளையாகக் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் 2/5 பெரியதா, 1/2 பெரியதா என்று கேட்க வேண்டும். காகிதப் பட்டையை மடித்துப் பார்த்தால் 2/5 பாதியைவிடக் குறைவு என்று தெரிந்துவிடும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் பாதியைவிடக் குறைவாக எப்படி வரும்? இந்த முரணைப் பிள்ளை தானே பார்க்கும்போதுதான் பழைய வழியைக் கைவிடும். ஆசிரியர் சொல்லித் திருத்தியது ஒரு வாரம்கூட நிற்காது.

2/6 எழுதிய ஏழு பேருக்கு வேண்டியது வேறு. பாதிப் பட்டையை ஆறு பங்கு போட்ட பட்டையின் மேல் வைத்து, எத்தனை துண்டை மூடுகிறது என்று எண்ணச் சொல்ல வேண்டும். மூன்று. ஆகவே 1/2 என்பது 3/6. அதே போல் 1/3 என்பது 2/6. அவர்கள் ஒரே ஒரு படிதான் பின்தங்கியிருக்கிறார்கள், கால் மணி நேரத்தில் சேர்ந்துகொள்வார்கள். மூன்று பேரிடம் நேரில் பேசினால் தீர்ந்துவிடும். சரியாக எழுதிய 15 பேருக்கும் சும்மா உட்கார வேலை இல்லை. 12/13 + 7/8 கேள்வியை அவர்களிடம் கொடுத்து, கூட்டாமலே விடை சொல்லி, காரணத்தையும் எழுதச் சொல்லலாம்.

இந்த எண்கள் வேறு மாதிரி வந்தால் முடிவும் மாறும். முப்பது பேர் சரியாக எழுதிவிட்டால் காலிப் பாடவேளை தேவையில்லை, ஆறு பேரைத் தனியே கவனித்துக்கொண்டு மேலே போகலாம். ஐந்து பேர் மட்டுமே சரி என்றால் பிழை பிள்ளைகளிடம் இல்லை, கற்பித்த வழியில் இருக்கிறது. எல்லோருக்கும் வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும்.

பாடவேளை முடியும் முன் இன்னொரு கணக்கு: 2/3 + 1/4. 5/6 என்பதை மனப்பாடம் செய்து வைத்திருந்தால் இங்கே உதவாது. விடை 11/12. பழைய பிழைகள் தொடர்ந்தால் 3/7, 3/12, 2/12 என்று அவை அப்படியே தெரியும். இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல், சொல்லிக்கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பது தெரிய வழியே இல்லை. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “புரிஞ்சுது சார்” என்றுதான் சொல்லும்.

பத்து, பதினொன்றில் கலப்புப் பின்னங்களின் கூட்டலும் கழித்தலும், அடுத்த மூன்றில் பெருக்கலும் வகுத்தலும். பதினைந்தாம் பாடவேளையில்தான் பதிவேடு கேட்கும் சிறு தேர்வு. இந்த வரிசை முக்கியம். மதிப்பெண் இல்லாத சோதனை, அடுத்துத் திருத்தம், அதற்குச் சில நாள் கழித்து மதிப்பெண் உள்ள சிறு தேர்வு. அப்போது பதிவேட்டில் ஏறுவது பிள்ளை தடுமாறிய நாளின் எண் அல்ல, எழுந்து நின்ற நாளின் எண். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. விதி ஒரு மதிப்பெண் கேட்கிறது, எந்த நாளில் எடுப்பது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். பதினாறாம் பாடவேளையில் தாள்களைக் கொடுக்கும்போது கருத்தை மட்டும் எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பிழையைத் திருத்திக் காட்டிய பிறகு மதிப்பெண்ணைச் சொல்வது நல்லது. செயல்பாட்டு மதிப்பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே எடுக்கலாம். காகிதப் பட்டைகளை மடித்து 1/2 முதல் 1/12 வரை பின்னச் சுவர் ஒன்று கட்டச் சொல்லி, அதில் 3/4-க்குச் சமமான இரண்டைக் காட்டச் சொன்னால், யார் செய்தார்கள் என்ற ஐயத்துக்கே இடமில்லை.

“போர்ஷன் எப்படி முடிப்பது?” என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. இரண்டு பாடவேளை எங்கிருந்து வருகிறது என்றால், பயிற்சிக் கணக்குகளிலிருந்து வருகிறது. ஒரே வகைக் கணக்கு பன்னிரண்டை எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவதற்குப் போகும் நேரம் மிக அதிகம். நான்கு போட்டு நிறுத்தலாம். பின்னங்களில் இழுபறி இல்லாமல் கடந்தால், பின்னால் அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டும் நேரமும் மிச்சம்.

அதே சமயம் எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. முழுக்களில் எண்கோட்டின் மேல் ஒரு சோதனை போதும், −7 பெரியதா −3 பெரியதா என்பது. சுற்றளவு, பரப்பளவில் இரண்டையும் குழப்புகிறார்களா என்று ஒன்று. ஒரு பருவத்துக்கு நான்கு, ஐந்து சோதனைகளுக்கு மேல் வைத்தால் ஆசிரியரால் எந்தத் தாளையும் கவனித்துப் படிக்க முடியாது, அது மறுபடி சடங்காகிவிடும். நான்கைந்து வகுப்புகளுக்குப் போகும் ஆசிரியர் முதல் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பில் மட்டும் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

தொகுத்தறியை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. ஏழாம் வகுப்பு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று நேர்மையாகச் சொல்ல ஒன்று வேண்டும். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், பருவம் முழுவதிலிருந்தும் கேள்வி என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஆனால் அது பருவம் முடிந்த பிறகு வருகிறது. பின்னங்களுக்கு 17-இல் 6 வாங்கிய பிள்ளைக்கு அந்த எண் வரும்போது கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். 2/5 எழுதியதா, 2/6 எழுதியதா என்பதும் அந்த ஆறில் தெரியாது.

பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளரறிப் பதிவேட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பாடக் குறிப்பேட்டை வாங்கி, காலியாக விட்ட பாடவேளை எங்கே இருக்கிறது, முந்தைய நாள் தாள்களில் என்ன கண்டதால் அந்தப் பாடவேளையில் என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். காலிக் கட்டத்தைக் குறையாக எழுதாதீர்கள்.